கம்பியோடு வரும் காகிதம்

கட்டடத்துக்குக் கம்பி வந்து இறங்கும்போது லாரி ஓட்டுநர் மூன்று காகிதங்களை நீட்டுவார். எடைச்சீட்டு, இன்வாய்ஸ், ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட். முதல் இரண்டும் பணம் சம்பந்தப்பட்டவை, அதனால் அவற்றை எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள். மூன்றாவதன் அடியில் 'ஐ.எஸ். 1786 தரத்துக்கு உட்பட்டது' என்ற வரியும் ஒரு கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டுவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். அந்தக் கட்டடத்தின் தூணும் உத்தரமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி அதிகம் சொல்கிற காகிதம் அதுதான். அதில் இருக்கும் எண்களில் ஏழெட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும். பொறியாளர் அல்லாதவர்களும், சொந்த வீடு கட்டுகிறவர்களும் படித்துவிடலாம்.

சர்டிபிகேட்டைக் கையில் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்தை. அதன் ஓரத்தில் பொதுக்குறிப்புகள் என்று சின்ன எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். என்ன கம்பி வேண்டும் என்பது அங்கேதான் எழுதியிருக்கும். இந்தக் கட்டுரைக்காகச் சென்னையில் எழும் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றை வைத்துக்கொள்வோம். வரைபடக் குறிப்பு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. கம்பி ஐ.எஸ். 1786:2008 தரத்தின்படி 'எஃப்இ 500 டி' ரகமாக இருக்க வேண்டும். கம்பி கட்டும் முறை ஐ.எஸ். 13920:2016 தரத்தின்படி இருக்க வேண்டும். இரண்டாவது, நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான தரம். 2002-இல் நிலநடுக்க வரைபடம் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. அதனால்தான் அந்த எண் இந்த ஊர் வரைபடங்களில் இடம்பெறுகிறது. இரண்டு குறிப்புகளையும் தனித்தனியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவை இரண்டும் ஓரிடத்தில் பிரியப் போகின்றன.

'500' என்பது கம்பியின் ஈல்டு வலிமை. கம்பியை இழுத்துவிட்டு விட்டால் அது பழைய நீளத்துக்குத் திரும்பும். ஒரு கட்டத்துக்கு மேல் இழுத்தால் திரும்பாது, நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். அந்தக் கட்டம் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் குறைந்தது 500 நியூட்டன் இழுவிசையில்தான் வர வேண்டும் என்பது இந்த எண்ணின் பொருள். 'டி' என்ற எழுத்து அந்தக் கம்பி அறுந்து போகும் முன் நன்றாக நீண்டு கொடுக்கும் என்பதற்கான உறுதி. 2008 திருத்தத்தில் வந்த இந்த ரகத்துக்கு வேதியியல் வரம்பும் கடுமை, நீட்சி வரம்பும் கடுமை. சாதாரண 500 ரகத்துக்கு நீட்சி 12 சதவீதம் போதும், 500 டி ரகத்துக்கு 16 சதவீதம் வேண்டும். சாதாரண 500-இல் கார்பன் 0.30 சதவீதம் வரை இருக்கலாம், 500 டி-யில் 0.25-ஐத் தாண்டக் கூடாது.

இதனால்தான் "நீங்க 500 டி கேட்டீங்க, நான் 550 கொடுத்திருக்கேன், இது அதைவிட ஒசத்திதானே சார்" என்று கடைக்காரர் சொல்வதை ஏற்க முடியாது. சாதாரண 550 ரகத்துக்குத் தேவையான நீட்சி வெறும் 10 சதவீதம். 550 டி-க்குக்கூட 14.5 தான். எண் ஏறும்போது வலிமை ஏறுகிறது, நீண்டு கொடுக்கும் குணம் இறங்குகிறது. வரைபடத்தில் இருக்கும் ரகமும் சர்டிபிகேட்டில் இருக்கும் ரகமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மாற வேண்டுமென்றால் கணக்குப் போட்ட பொறியாளர் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இனி சர்டிபிகேட். நம் எடுத்துக்காட்டில் மூன்று வரிகள் இருக்கின்றன. முதல் வரி 16 மில்லிமீட்டர் கம்பி, ஒரு ஹீட் எண். இரண்டாவது வரியும் 16 மில்லிமீட்டர்தான், ஆனால் வேறு ஹீட் எண். மூன்றாவது 12 மில்லிமீட்டர், அதன் ஹீட் எண் முதல் வரியில் உள்ளதேதான். ஒரு உலையில் ஒரே தடவையாக உருக்கி வார்த்த எஃகுக்கு ஹீட் என்று பெயர். சர்டிபிகேட்டின் எல்லா எண்களும் இந்த ஹீட் எண்ணில்தான் தொங்குகின்றன. ஆகவே முதல் வேலை, லாரியில் இருக்கும் ஒவ்வொரு கட்டிலும் கட்டியிருக்கும் தகட்டு டேக்கைப் பார்த்து அதிலுள்ள ஹீட் எண் இந்தக் காகிதத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுவது. டேக்கில் இருக்கும் எண் காகிதத்தில் இல்லையென்றால் அந்தக் கட்டைப் பொறுத்தவரை உங்களிடம் சர்டிபிகேட்டே இல்லை என்று பொருள். எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை வேறு கம்பியின் எண்கள்.

வரியின் இடப்பக்கம் வேதியியல், வலப்பக்கம் இயந்திரப் பண்புகள். இந்த இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. சர்டிபிகேட்டைப் படிக்கிற எவரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

வேதியியல் எண்கள் உருகிய எஃகிலிருந்து எடுத்தவை. வார்ப்பதற்கு முன் பெரிய கொப்பரையில் இருக்கும்போதே ஒரு சிறு மாதிரியை எடுத்துச் சோதித்து எழுதுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஒரு ஹீட்டுக்கு ஒரே வேதியியல்தான். அந்த எஃகைப் பிறகு 8 மில்லிமீட்டராக உருட்டினாலும் 25 மில்லிமீட்டராக உருட்டினாலும் அந்த எண்கள் மாறக் கூடாது. ஈல்டு, உச்ச வலிமை, நீட்சி ஆகியவை உருட்டி முடித்த கம்பியில் எடுத்தவை. அவை அளவுக்கு அளவு மாறும், மாறியே தீர வேண்டும். ஏனென்றால் டி.எம்.டி. கம்பியின் வலிமையில் பெரும் பங்கு வேதியியலிலிருந்து வருவதில்லை. உருட்டாலையிலிருந்து செக்கச் சிவந்து வெளிவரும் கம்பி வேகமாகப் பாயும் தண்ணீருக்குள் நுழைந்து போகிறது. மேற்புறம் சட்டென்று குளிர்ந்து கடினமான வளையமாகிறது. உள்ளே சூடாகவே இருக்கும் நடுப்பகுதி மெல்ல ஆறி இளக்கமாக நிற்கிறது. நடுவின் சூடு வெளியே பரவி மேல் வளையத்தின் உடையும் குணத்தைக் கொஞ்சம் தணிக்கிறது. வலிமை அந்த வளையத்தில், நீண்டு கொடுக்கும் குணம் நடுவில். தண்ணீரின் அழுத்தம் மாறினால், கம்பி ஓடும் வேகம் மாறினால், வளையத்தின் பருமன் மாறும். வலப்பக்க எண்களும் அதோடு மாறும்.

எனவே ஒரே ஹீட்டின் இரண்டு அளவுகளுக்கு வேதியியல் வேறு வேறாக எழுதியிருந்தால் காகிதத்தில் ஏதோ தவறு. வெவ்வேறு ஹீட், வெவ்வேறு அளவு என்று ஐந்தாறு வரிகள் இருந்தும் ஈல்டும் உச்ச வலிமையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலவே இருந்தால் அங்கேயும் தவறு. இழுத்துப் பார்த்த எண்கள் அப்படி ஒத்துப்போவதில்லை. எழுதி நிரப்பிய எண்கள்தான் ஒத்துப்போகும்.

முதல் வரியைப் படிப்போம். கார்பன் 0.21, மாங்கனீசு 0.72, கந்தகம் 0.031, பாஸ்பரஸ் 0.034 சதவீதம். 500 டி-க்குக் கார்பன் வரம்பு 0.25. கந்தகம், பாஸ்பரஸ் இரண்டுக்கும் தனித்தனியே 0.040. இரண்டும் சேர்ந்து 0.075. நம் வரியில் கூட்டுத்தொகை 0.065. எல்லாம் வரம்புக்குள். மாங்கனீசுக்குத் தனி வரம்பு கிடையாது, ஆனால் வெல்டிங் செய்யப்போகிறவர்களுக்கு அந்த எண் வேண்டும். மாங்கனீசை ஆறால் வகுத்துக் கார்பனோடு கூட்டினால் வருவது கார்பன் சமானம். இங்கே 0.72-ஐ ஆறால் வகுக்க 0.12, அதோடு 0.21 சேர்க்க 0.33. சிறு உலோகக் கலப்புகள் எதுவும் சேர்க்காத கம்பிக்கு இது 0.42-க்குள் இருந்தால் வெல்டிங்கைத் தாங்கும். அதற்கு மேல் போனால் வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டிய எஃகு குளிரும்போது கடினப்பட்டு விரிசல் விடக்கூடும். ஆழ்துளை அடித்தளக் கூடுகளைப் போல வெல்டிங் தவிர்க்க முடியாத வேலை இருந்தால், இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வெல்டரை அழைக்கக் கூடாது.

இரண்டாவது வரியில்தான் முதல் சிக்கல். கார்பன் 0.24, மாங்கனீசு 0.84, கந்தகம் 0.038, பாஸ்பரஸ் 0.039. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே தேறுகின்றன. கந்தகம் 0.040-க்குக் கீழே, பாஸ்பரசும் அப்படியே. கூட்டிப் பாருங்கள்: 0.077. கூட்டு வரம்பு 0.075. இந்த ஹீட் 500 டி இல்லை. அதே எண்கள் சாதாரண 500 ரகத்தின் வரம்புக்குள் தாராளமாக அடங்கும், ஏனென்றால் அங்கே கூட்டு வரம்பு 0.105. டேக்கில் 'டி' என்று இருக்கலாம், கம்பியின் மேல் உருட்டிய எழுத்திலும் இருக்கலாம். வேதியியல் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டுத்தொகைக்கான கட்டத்தையே விட்டுவிட்ட சர்டிபிகேட்டுகளும் உண்டு. கட்டம் இல்லாவிட்டாலும் கூட்டிப் பார்ப்பது படிக்கிறவரின் கடமை.

இவ்வளவு சின்ன எண்ணுக்கு ஏன் இத்தனை கண்டிப்பு என்று தோன்றலாம். பாஸ்பரஸ் எஃகைக் குளிர்ந்த நிலையில் உடையக்கூடியதாக ஆக்குகிறது. கந்தகம் மாங்கனீசோடு சேர்ந்து நீண்ட இழைகளாக எஃகுக்குள் படிகிறது, கம்பியை வளைக்கும்போது விரிசல் தொடங்குவதற்கு அந்த இழைகள் இடம் கொடுக்கின்றன. கம்பி கட்டுகிறவர் ரிங் வளைக்கும்போது வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் காரணம் இந்த இரண்டு கட்டங்களில் இருக்கக்கூடும்.

பாஸ்பரஸ் எண் இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கும். கழிவு இரும்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் இண்டக்‌ஷன் உலையில் உருக்கிக் கம்பி செய்யும் ஆலைகள் நாடெங்கும் இருக்கின்றன. வழக்கமான இண்டக்‌ஷன் உலையின் உட்பூச்சு மணல் வகை. பாஸ்பரசை வெளியேற்றச் சுண்ணாம்பு கலந்த கசடு வேண்டும், அந்த உட்பூச்சு அதைத் தாங்காது. ஆகவே உள்ளே போட்ட சரக்கில் எவ்வளவு பாஸ்பரஸ் இருந்ததோ ஏறத்தாழ அவ்வளவும் கம்பியில் வந்து நிற்கும். கழிவைப் பொறுக்கிப் பிரித்துப் போடுகிற ஆலை நல்ல எண்ணைக் காட்டும், அகப்பட்டதைப் போடுகிற ஆலையால் காட்ட முடியாது. இண்டக்‌ஷன் உலைக் கம்பி என்றாலே ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த வகை ஆலையின் சர்டிபிகேட்டில் மாதக்கணக்கில் ஹீட்டுக்கு ஹீட் பாஸ்பரஸ் அசையாமல் ஒரே அழகான எண்ணில் நின்றால் மட்டும் வெளிச் சோதனைக்குப் போக வேண்டும் என்பேன்.

இரண்டாவது வரியைப் பற்றி ஆலையிடம் கேட்டால் ஒரு பதில் வரும்: "தரத்துலயே கூட்டுத்தொகைக்கு 0.010 சலுகை இருக்கு சார், 0.085 வரை போகலாம்." இது பாதி உண்மை. சலுகை இருப்பது நிஜம். ஆனால் அது முடிந்த கம்பியை வெட்டிச் சோதிக்கும்போது மட்டும் பொருந்தும் சலுகை. எஃகு உறையும்போது பாஸ்பரசும் கந்தகமும் கடைசியாக உறையும் நடுப்பகுதியில் சற்றுக் கூடுதலாகச் சேர்கின்றன. கம்பியிலிருந்து எடுத்த துண்டில் கொப்பரை எண்ணைவிடச் சற்று மேலே வருவது இயல்பு, அதற்காகத்தான் அந்த இடம் விட்டிருக்கிறார்கள். நாளை நீங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிய துண்டில் பாஸ்பரஸ் 0.043 என்று வந்தால் அதை வைத்து ஆலையைக் குற்றம் சொல்ல முடியாது. கொப்பரை எண்ணே வரம்பைத் தாண்டி இருக்கும்போது அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள ஆலைக்கு உரிமை இல்லை.

வலப்பக்கம் வருவோம். முதல் வரியின் ஈல்டு 536, உச்ச வலிமை 634, நீட்சி 18 சதவீதம். 500 டி-க்கு ஈல்டு குறைந்தது 500. உச்ச வலிமைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு, இரண்டையும் தாண்ட வேண்டும். ஒன்று, 565-க்குக் குறையக் கூடாது. மற்றது, அந்தக் கம்பியில் உண்மையாகக் கிடைத்த ஈல்டைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். 536-க்கு 10 சதவீதம் கூட்டினால் 589.6. நமக்கு 634 இருக்கிறது. நீட்சிக்கு 16 வேண்டும், 18 இருக்கிறது. இதோடு, உச்ச விசை நிலையில் மொத்த நீட்சி குறைந்தது 5 சதவீதம் என்றும் 'டி' ரகங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. சர்டிபிகேட்டில் அந்தக் கட்டம் இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும். வளைவுச் சோதனை, திரும்ப வளைக்கும் சோதனை இரண்டுக்கும் எண் இருக்காது, தேறியது என்று மட்டும் இருக்கும்.

நீட்சி எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கம்பியில் இரண்டு புள்ளிகள் குறித்து, இழுத்து அறுத்து, துண்டுகளை ஒட்டவைத்துப் புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு கூடியது என்று பார்ப்பதுதான் சோதனை. கம்பி முழுக்கச் சீராக நீண்டுகொண்டே வந்து, கடைசியில் ஓரிடத்தில் இடுப்பு குறுகி அங்கே மட்டும் அதிகமாக நீண்டு அறும். புள்ளிகளை நெருக்கமாகக் குறித்தால் அந்தக் குறுகிய இடம் கணக்கில் பெரிதாகத் தெரியும், சதவீதம் ஏறிவிடும். தள்ளிக் குறித்தால் சதவீதம் இறங்கிவிடும். அதனால்தான் அளவு நீளத்தைத் தரமே கட்டிப்போட்டிருக்கிறது. அது ஏறத்தாழ கம்பி விட்டத்தின் ஐந்து மடங்கு: 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 80, 12 மில்லிமீட்டருக்கு 60. அளவு நீளம் சொல்லாத நீட்சி சதவீதத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. சர்டிபிகேட்டில் 18, வெளி ஆய்வகத்தில் 13 என்று வந்து சண்டை மூளும் இடங்களில் நான் முதலில் கேட்பது அளவு நீளத்தைத்தான்.

மூன்றாவது வரி 12 மில்லிமீட்டர். முதல் வரியின் அதே ஹீட், அதே வேதியியல், அதில் குறையில்லை. ஈல்டு 588, உச்ச வலிமை 656, நீட்சி 16.5. ஐ.எஸ். 1786-ஐ வைத்துப் பார்த்தால் 500-க்கு மேலே, 565-க்கு மேலே, 588-உடன் 10 சதவீதம் கூட்டினால் வரும் 646.8-க்கும் மேலே, 16-க்கும் மேலே. நான்கிலும் தேறிவிட்டது. அடியில் 'தரத்துக்கு உட்பட்டது' என்று ஆலை எழுதியிருப்பது சுத்தமான உண்மை.

ஆனால் வரைபடத்தில் இரண்டாவது குறிப்பு ஒன்று இருக்கிறது. ஐ.எஸ். 13920, நிலநடுக்கத்தைத் தாங்கும் சட்டகங்களில் இடும் கம்பியிடம் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. உச்ச வலிமையை ஈல்டால் வகுத்தால் குறைந்தது 1.15 வர வேண்டும். ஈல்டு, ரகத்தின் எண்ணைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடவும் கூடாது, அதாவது 500 ரகத்துக்கு 600-ஐத் தாண்டக் கூடாது. முதல் வரியில் 634-ஐ 536-ஆல் வகுக்க 1.18, தேறியது. மூன்றாவது வரியில் 656-ஐ 588-ஆல் வகுக்க 1.12 தான். அந்த 12 மில்லிமீட்டர் கம்பி நல்ல 500 டி கம்பி, ஆனால் அந்தக் கட்டடத்தின் உத்தரத்துக்கும் தூணுக்கும் ஆகாத கம்பி. 1786 தரத்தைக் கேட்டு ஆலை பதில் சொல்லிவிட்டது. வரைபடம் கேட்டதோ இரண்டு தரங்களை. இரண்டாவது கேள்வி கொள்முதல் ஆர்டரில் எழுதப்படாமல் விடுபட்டதால்தான் பெரும்பாலும் இந்த நிலை வருகிறது.

1.12-க்கும் 1.15-க்கும் இடையே அப்படி என்ன வேறுபாடு? நிலநடுக்கத்தில் உத்தரத்தின் முனையில் கம்பி ஈல்டைத் தாண்டி நீளத் தொடங்கும். உச்ச வலிமை ஈல்டைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால் நீண்ட இடம் மேலும் இறுகும், விசை பக்கத்துப் பகுதிக்கும் பரவும், அடுத்தடுத்த பகுதிகளும் நீண்டு ஆற்றலை உள்வாங்கும். வித்தியாசம் குறைவாக இருந்தால் முதலில் நீளத் தொடங்கிய ஒரே விரிசலிலேயே எல்லா நீட்சியும் குவிந்து அங்கேயே அறுந்துவிடும். 600 என்ற மேல்வரம்புக்கும் இதே போன்ற காரணம்தான். உத்தரம் முதலில் வளைந்து கொடுக்க வேண்டும், தூண் நிற்க வேண்டும் என்று பொறியாளர் கணக்குப் போட்டிருக்கிறார். உத்தரக் கம்பி அவர் நினைத்ததைவிட மிகவும் பலமாக இருந்தால் உத்தரம் வளைய மறுத்து, சேதத்தைத் தூணின் மேல் தள்ளிவிடும். ஈல்டு 640 என்று பார்த்ததும் "பலமான கம்பி" என்று மகிழ்கிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

ஒரே எஃகிலிருந்து வந்த இரண்டு அளவுகளில் மெல்லியது மட்டும் ஏன் இப்படி ஆனது? மெல்லிய கம்பியில் தண்ணீர் வேகமாக வேலை செய்கிறது. தண்ணீரின் அளவைச் சரியாகக் குறைக்காமல் விட்டால் வளையம் தடித்து ஈல்டு எகிறும், உச்ச வலிமை அந்த அளவுக்கு ஏறாது, இரண்டுக்கும் இடைவெளி சுருங்கும். அதனால்தான் 16 மில்லிமீட்டரைப் பார்த்துவிட்டு மற்ற அளவுகளும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. ஒவ்வொரு அளவுக்கும் இந்த வகுத்தலைத் தனியாகப் போட வேண்டும்.

சர்டிபிகேட்டில் கடைசியாக, யாரும் பார்க்காத ஒரு கட்டம் இருக்கிறது: ஒரு மீட்டர் கம்பியின் எடை. 16 மில்லிமீட்டருக்கு 1.58 கிலோ. ஒரு தொகுதியின் சராசரி இதிலிருந்து 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். தனி ஒரு கம்பி 6 சதவீதம் வரை குறையலாம். இந்தக் கட்டம் இல்லாமல் ஈல்டு எண்ணுக்கு முழுப் பொருள் கிடையாது. ஏனென்றால் ஈல்டைக் கணக்கிடும்போது இழுத்த விசையை 16 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பால் வகுப்பதில்லை. துண்டை எடைபோட்டு, எடையிலிருந்து வரும் உண்மையான பரப்பால் வகுக்கிறார்கள். கம்பி மெலிந்திருந்தால் பரப்பும் குறையும், ஆகவே ஈல்டு எண் கெடாமல் அப்படியே நிற்கும். ஒரு மீட்டருக்கு 1.47 கிலோ மட்டுமே இருக்கும் 16 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 187 சதுர மில்லிமீட்டர், இருக்க வேண்டியது 201. ஈல்டு 510 என்று சர்டிபிகேட் காட்டினால் தேறியது போலத்தான் தெரியும். ஆனால் அந்தக் கம்பி ஈல்டு வரை தாங்குவது 95 கிலோ நியூட்டன் சொச்சம், பொறியாளர் நம்பிக் கணக்குப் போட்டது 100 கிலோ நியூட்டனுக்கு மேல். எடையில் 7 சதவீதக் குறைவு இங்கே பலத்தில் வெளிப்படுகிறது. வீடு கட்டுகிறவர் யாரும் இதைத் தானே சரிபார்க்கலாம். 12 மீட்டர் நீளமுள்ள 16 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 19 கிலோ இருக்க வேண்டும். பத்துக் கம்பிகளைத் தராசில் வைத்து, நீளத்தையும் டேப்பால் அளந்து, 1.58-உடன் ஒப்பிட்டால் போதும்.

காகிதமே நம்பத்தகுந்ததா என்பது தனிக் கேள்வி. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் இந்தக் கம்பியை விற்கக் கூடாது. சர்டிபிகேட்டில் சி.எம். பார் எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். அந்த ஆலைக்கு எந்தெந்த ரகங்களுக்கு அனுமதி உண்டு என்பதையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. 500-க்கு உரிமம் வாங்கிய ஆலை 500 டி விற்க முடியாது. அளவையும் பாருங்கள். ஒரு ஹீட்டில் 30 டன்னுக்குத் தந்த சர்டிபிகேட்டின் நகலை ஒரு வியாபாரி நான்கு கட்டடங்களுக்குக் கொடுத்திருக்கலாம். சோதனை தேதி, அனுப்பிய தேதிக்குப் பிந்தையதாக இருந்தால் கம்பி சோதனைக்கு முன்பே கிளம்பிவிட்டது என்று பொருள். ஹீட் எண் கட்டத்தில் மட்டும் எழுத்துரு மாறியிருப்பது, கந்தகமும் பாஸ்பரசும் கூட்டினால் வரும் தொகைக்கும் அச்சிட்ட தொகைக்கும் பொருந்தாமல் இருப்பது போன்றவையும் கணக்கு ஆய்வகத்திலிருந்து வரவில்லை என்று காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஹீட் எண்ணை அனுப்பி நேரடியாகக் கேட்டுவிடலாம்.

சர்டிபிகேட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒவ்வொரு அளவிலும் துண்டு வெட்டி அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். வெட்டும்போது டேக்கையும் சேர்த்துப் படமெடுத்து, ஹீட் எண்ணைத் துண்டின் மேல் பெயிண்டால் எழுதிவிட வேண்டும். அதில்லாத ஆய்வறிக்கையால் எந்தச் சர்டிபிகேட்டையும் சரிபார்க்க முடியாது. வெளிச் சோதனையில் ஒரு துண்டு தவறினால் அதே தொகுதியிலிருந்து இன்னும் இரண்டு துண்டுகள் எடுக்க ஐ.எஸ். 1786 இடம் தருகிறது. இரண்டும் தேறினால் தொகுதி தேறும், ஒன்று தவறினாலும் முழுத் தொகுதியும் தள்ளுபடி.

நம் லாரிக்கு வருவோம். முதல் வரியின் 16 மில்லிமீட்டர், துண்டு வெட்டி அனுப்பிவிட்டு இறக்கலாம். இரண்டாவது வரிக்கு மறுசோதனை என்ற பேச்சே இல்லை. கொப்பரை எண்ணே வரம்பு மீறியிருக்கிறது, காரணத்தை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதுவரை அந்தக் கட்டுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தனியே வைக்க வேண்டும். முதல் வரியின் கம்பியும் அதே 16 மில்லிமீட்டர் என்பதால், கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. மூன்றாவது வரியின் 12 மில்லிமீட்டரை நான் திருப்பி அனுப்பச் சொல்ல மாட்டேன். அது தன் ரகத்துக்கு நேர்மையான கம்பி. நிலநடுக்க விதி பொருந்தாத இடங்கள் அந்தக் கட்டடத்திலேயே இருக்கும், தளப் பலகை, மதில் சுவர் என்று. எந்தெந்த இடம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தில் குறித்துக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். உத்தரத்துக்கும் தூணுக்கும் வேறு 12 மில்லிமீட்டர் கம்பிக்கு ஆர்டர் போட வேண்டும். அந்த ஆர்டரில் '500 டி, ஐ.எஸ். 1786' என்பதோடு, உச்ச வலிமைக்கும் ஈல்டுக்கும் உள்ள விகிதம் 1.15-க்குக் குறையக் கூடாது, ஈல்டு 600-ஐத் தாண்டக் கூடாது என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதினால், அடுத்த லாரியோடு வரும் சர்டிபிகேட்டில் அந்த இரண்டு எண்களுக்கும் ஆலை பதில் சொல்லியாக வேண்டும்.